வீடியோவை ஓவியமாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

போனில் எடுத்த சாதாரண வீடியோவை நீர்வண்ண ஓவியம் போலவோ கார்ட்டூன் போலவோ மாற்றும்போது, முதல் ஓட்டத்திலேயே நல்ல முடிவு வருவது அரிது. அசையாத சுவர் கொதிக்கும், விரல்கள் குழையும், புடவையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். உடனே பலரும், மூலத்தை மாடல் எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `denoise` எண்ணைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், கொஞ்சம் இறக்குவார்கள், ப்ராம்ப்டில் நாலு சொல் சேர்ப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு வீடியோவும் மறுபடி ஓடி முடியக் காத்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் போய்விடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

கோளாறு எந்தக் கட்டத்தில் உருவானது என்று தெரியாமல் எண்ணை மாற்றுவதில் பயனில்லை. மூல வீடியோவிலேயே இருந்திருக்கலாம். அதிலிருந்து எடுத்த கோட்டோவியத்தில் நுழைந்திருக்கலாம். மாடல் வரையும்போது வந்திருக்கலாம். கடைசியில் ஃப்ரேம்களைக் கோர்க்கும்போதும் வந்திருக்கலாம். எனவே எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் மூன்று வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விடுங்கள்: மூலம், உருவங்களின் வடிவம் மாறாமல் பிடித்து வைக்கும் கன்ட்ரோல்நெட்டுக்குப் போகும் கோட்டோவியம், முடிவு. நடுவில் உள்ள அந்தக் கோட்டோவிய வீடியோவைப் பெரும்பாலோர் சேமிப்பதே இல்லை. அதைச் சேமித்துப் பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

## நாம் எடுத்துக்கொள்ளும் வீடியோ

ஒரு பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்டுகிறார். போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, நிற்க வைத்த வாக்கில் 1080×1920 அளவில், வினாடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த 12 வினாடிக் காட்சி. சாயங்கால வெளிச்சமும், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட்டும். இதை நீர்வண்ண ஓவியமாக மாற்ற வேண்டும். வேகமாக ஓடும் விரல்கள், மெல்லிய நார், சுருக்கம் விழுந்த முகம், வெறும் சுவர் என்று இந்தக் கலையில் சிரமம் தருகிற எல்லாமே இதில் இருக்கின்றன.

கருவிகள்: சொந்தக் கணினியில், நோட் எனப்படும் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வேலைசெய்யும் கம்ஃபியூஐ, ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 வகை மாடல், அசைவுக்கு அனிமேட்டிஃப், வடிவத்தைப் பிடித்து வைக்கக் கன்ட்ரோல்நெட். இதைவிடப் புதிய மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் 8 ஜிபி கார்டில் ஓடக்கூடிய, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்க்கக்கூடிய முறை இது. பிழை தேடக் கற்றுக்கொள்ள இதைத்தான் நான் சொல்வேன்.

முதலில் வீடியோவைத் தயார்செய்வோம்:

```
ffmpeg -i poo.mp4 -vf "crop=720:1280:180:500,fps=15,scale=512:-8" -an -crf 12 poo15.mp4
```

இதில் பாட்டியின் முகமும் மடியும் உள்ள பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது, வேகம் 15 ஃப்ரேமாகக் குறைகிறது, அளவு 512×912 ஆகிறது. உயரம் எட்டால் வகுபட வேண்டும் என்பதற்காக `-8`. மொத்தம் 180 ஃப்ரேம்.

வேகத்தை ஏன் 15 ஆக்குகிறோம்? கையால் வரைந்த அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பது பழைய வழக்கம். கண் அதை ஓவியமாக ஏற்றுக்கொள்கிறது, நமக்கும் வேலை பாதியாகிறது. வினாடிக்கு 12 படம் என்று எங்கோ படித்துவிட்டு 30-ஐ 12 ஆக்கிவிடாதீர்கள். 30-ஐ 12 ஆல் வகுத்தால் 2.5 வரும். ஒருமுறை இரண்டு ஃப்ரேம் தாண்டும், மறுமுறை மூன்று தாண்டும். கை சீராக ஓடாமல் தட்டித் தட்டி ஓடுவதுபோல் தெரியும். 30-இல் எடுத்ததை 15 அல்லது 10 ஆக்குங்கள். 24-இல் எடுத்திருந்தால் 12 சரியாக வரும்.

இன்னொன்று. சோதனைக்கு முழு வீடியோவையும் ஓட்டாதீர்கள். வீடியோவை ஏற்றும் நோட்டில் `frame_load_cap` என்பதை 16 ஆக்கி, `skip_first_frames` மூலம் கை மிக வேகமாக ஓடும் இடத்துக்குப் போங்கள். அந்தப் பதினாறு ஃப்ரேம் சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் வந்துவிடும்.

## அறிகுறி: அசையாத சுவர்கூடக் கொதிக்கிறது

பாட்டி, சுவர், தூண் எல்லாமே ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக வரையப்பட்டதுபோல் துடிக்கின்றன. மிக அதிகமாகக் கேட்கப்படும் பிரச்சினை இதுதான். இந்தத் துறையின் மிகப் பழைய பிரச்சினையும் இதுவே. ஒரு படத்தின் பாணியை இன்னொரு படத்துக்கு ஏற்றும் நரம்பு வலைப்பின்னல் முறையை காட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் 2015-இல் வெளியிட்டார்கள். அதை வீடியோவுக்குக் கொண்டுபோனதும் படம் துடித்தது. 2016-இல் ரூடர், டொசொவிட்ஸ்கி, பிராக்ஸ் ஆகியோர், முந்தைய ஃப்ரேமில் இருந்த புள்ளி அடுத்த ஃப்ரேமில் எங்கே நகர்ந்தது என்று கணக்கிட்டு, அதே வண்ணத்தை அங்கே வைக்கச் செய்து இதைச் சமாளித்தார்கள்.

இன்றைய டிஃப்யூஷன் மாடலிலும் அடிப்படைக் காரணம் மாறவில்லை. மாடல் இரைச்சலிலிருந்து தொடங்கிப் படத்தை வரைகிறது. முந்தைய ஃப்ரேமில் சுவரின் கறையை எங்கே வைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஃப்ரேம்களைத் தனித்தனிப் படமாகக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் கறை வேறு இடத்துக்குப் போகும்.

முதலில் கோட்டோவிய வீடியோவைப் பாருங்கள். சுவர்ப் பகுதியில் ஒரு கோடும் இல்லாமல் அமைதியாக இருந்தால், துடிப்பு மாடலின் கட்டத்தில்தான் வருகிறது. அங்கேயும் குட்டிக் குட்டிக் கோடுகள் பூச்சிபோல் தோன்றி மறைந்தால், குற்றம் மூலத்தில். குறைந்த வெளிச்சத்தில் போன் கேமரா தரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் கோட்டோவியக் கருவி கோடு என்று நினைத்து வரைகிறது, மாடலும் அதை நம்பிச் சுவரில் விரிசல் வரைகிறது. இந்த இடத்தில் `denoise` எண்ணை எவ்வளவு குறைத்தாலும் முழுத் தீர்வு வராது. மூலத்தை மெழுக வேண்டும். மேலே கொடுத்த கட்டளையில் `crop` பகுதிக்கு அடுத்ததாக `hqdn3d` என்று ஒரு வடிகட்டியைச் சேர்த்து மறுபடி தயார்செய்யுங்கள். அது முந்தைய ஃப்ரேம்களையும் பார்த்து இரைச்சலைக் குறைக்கும். அப்படியும் கோடுகள் மிஞ்சினால், கோட்டோவியத்தின் `strength` அளவை 0.7-இலிருந்து 0.5-க்கு இறக்கி, ஆழப் படம் தரும் `control_v11f1p_sd15_depth` என்ற இரண்டாவது கன்ட்ரோல்நெட்டை 0.4 அளவில் சேருங்கள். ஆழப் படத்துக்குச் சுவர் என்பது ஒரு சமதளம் மட்டும்தான், கறை அதற்குத் தெரியவே தெரியாது.

கோட்டோவியம் அமைதியாக இருந்தும் துடிக்கிறதா? அனிமேட்டிஃப் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாடலிலிருந்து வரும் கம்பி அனிமேட்டிஃப் நோட்டின் வழியாக, படத்தை வரையும் `KSampler`-க்குப் போக வேண்டும். நேரடியாகப் போயிருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. வேலை முடியும், படம் மட்டும் கொதிக்கும். இணைப்பு சரியாக இருந்தால் அப்புறம்தான் `denoise` பக்கம் போக வேண்டும். அந்தப் பதினாறு ஃப்ரேம்களை 0.4, 0.55, 0.7 என்று மூன்று அளவில் ஓட்டிப் பாருங்கள். 0.4-இல் வண்ணம் பூசிய புகைப்படம் போலத்தான் இருக்கும், துடிப்பும் குறைவு. 0.7-இல் ஓவியம் நன்றாக வரும், ஆனால் மாடல் சொந்தமாகக் கற்பனை செய்யும் இடம் கூடுவதால் துடிப்பும் கூடும். நம் காட்சிக்கு 0.55-க்குப் பக்கத்தில் எங்கோ சமநிலை கிடைக்கும். இந்த எண் எல்லாக் காட்சிக்கும் பொருந்தாது. மாடலுக்கு மாடலும் மாறும்.

கேமரா அசையாத காட்சி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது அதுதான். நன்றாக வந்த ஒரே ஒரு ஃப்ரேமிலிருந்து சுவரையும் தூணையும் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டியை மட்டும் முகமூடி போட்டு வெட்டி அதன் மேல் ஒட்டுங்கள். சுவர் ஒரே படம் என்பதால் துடிக்க வழியே இல்லை. பழைய செல் அனிமேஷனில் பின்னணியை ஒருமுறை வரைந்துவிட்டு அதன்மேல் ஆட்களை நகர்த்தியதும் இப்படித்தான். பாட்டியின் நிழல் சுவரில் விழுந்து அசைந்தால் மட்டும் நிழலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

## அறிகுறி: தூரிகைத் தடம் திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஆள் மட்டும் அடியில் நகர்கிறார்

துடிப்பை நிறுத்த, ஃப்ரேம்களை ஒவ்வொன்றாக ஒரே சீட் எண்ணில் ஓட்டுபவர்களுக்கு வருவது இது. மழைத்துளி படிந்த பஸ் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பதுபோல் இருக்கும். வண்ணத் திட்டுகள் அதே இடத்தில் நிற்க, பாட்டியின் கை அவற்றின் அடியில் ஓடும். ஒரே சீட் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே இரைச்சல். அந்த இரைச்சல்தான் திட்டுகளின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

ஃப்ரேம்களைத் தனித்தனியாக ஓட்டுவதை விட்டுவிட்டு, மொத்தத்தையும் ஒரே தொகுப்பாக அனிமேட்டிஃப் வழியாக அனுப்புங்கள். தொகுப்புக்குள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறு இரைச்சல் கிடைக்கும், அசைவு மாடல் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும். தொகுப்பாக ஓட்டியும் இப்படி வந்தால் `noise_type` என்ற இடத்தில் `constant` இருக்கிறதா என்று பாருங்கள். அதை `default` ஆக்கினால் போதும்.

## அறிகுறி: கிட்டத்தட்ட வினாடிக்கு ஒருமுறை புடவையின் நிறம் மாறுகிறது

பாட்டியின் புடவை அரக்கு. ஓவியத்தில் அரக்காகத்தான் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறது, பிறகு ஊதா சாயல் அடிக்கிறது. மாற்றம் எந்த நேரத்தில் வருகிறது என்று ஃப்ரேம் எண்ணைக் குறித்துப் பாருங்கள். 12, 24, 36 என்று சீராக விழுந்தால் காரணம் கண்டுபிடித்தாயிற்று.

அனிமேட்டிஃப் மாடல் 16 ஃப்ரேம் நீளத்துக்குப் பழக்கப்பட்டது. 180 ஃப்ரேமைக் கொடுத்தால் கம்ஃபியூஐ அதைப் பதினாறு பதினாறாக வெட்டி, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஓட்டுகிறது. `context_length` 16, `context_overlap` 4 என்றால், ஒவ்வொரு 12 ஃப்ரேமுக்கும் ஒரு புது ஜன்னல் தொடங்கும். 15 ஃப்ரேம் வேகத்தில் அது 0.8 வினாடி. ஒரு ஜன்னலுக்குள் நிறம் ஒத்துப்போகும். அடுத்த ஜன்னலுக்கு முதல் ஜன்னலின் முடிவு நான்கு ஃப்ரேம் அளவுக்குத்தான் தெரியும்.

ஜன்னல் வகை `Standard Static` என்று இருந்தால் `Standard Uniform` ஆக மாற்றுங்கள். முதல் வகையில் தையல் விழும் இடம் எல்லாப் படிகளிலும் ஒன்றே, அதனால் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது வகை ஒவ்வொரு படியிலும் ஜன்னல்களை நகர்த்துவதால் தையல் பரவிக் கரைந்துவிடும். `Looped Uniform` வேண்டாம். அது முடிவையும் தொடக்கத்தையும் சேர்த்து வளையமாக்கும் வேலைக்கானது. அதில் `closed_loop` இயங்கிக்கொண்டிருந்தால் பன்னிரண்டாவது வினாடியில் பாட்டியின் கை காரணமில்லாமல் முதல் ஃப்ரேமின் நிலைக்கு இழுக்கப்படும். அப்புறம் `context_overlap` அளவை 8 ஆக்குங்கள். நேரம் கூடும், பலன் தெரியும். `noise_type` இடத்தில் `FreeNoise` தேர்வு செய்வதும் நீளமான வீடியோவில் உதவும்.

இதற்குப் பிறகு திடீர் தாவல் போய்விடும். ஆனால் மெதுவான நழுவல் மிஞ்சலாம். அரக்கு, பன்னிரண்டு வினாடியில் நைஸாகப் பழுப்பை நோக்கிப் போகும். அதைப் பிடித்து நிறுத்த, ஒரு படத்தை மாதிரியாகக் காட்டி மாடலை வழிநடத்தும் ஐபி அடாப்டர் வேண்டும். சோதனையில் மிக நன்றாக வந்த ஒரு ஃப்ரேமை எடுத்து மேற்கோள் படமாகக் கொடுங்கள், எடை 0.6-க்குப் பக்கத்தில். இணையத்தில் கிடைத்த வேறு ஏதோ ஓவியத்தைக் கொடுப்பதைவிட, அதே காட்சியின் ஃப்ரேமைக் கொடுப்பதே மேல். அதில் புடவையின் நிறம் ஏற்கெனவே இருக்கிறது.

## அறிகுறி: விரல்கள் ஒட்டிக் குழைகின்றன, நார் காணாமல் போகிறது

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூல வீடியோவில் பாட்டியின் ஒரு விரல் சுமார் 40 பிக்சல் அகலம். வெட்டாமல் முழுக் காட்சியையும் 512-க்குச் சுருக்கினால் அது 19 பிக்சல் ஆகும். மாடல் பிக்சலில் வேலை செய்வதில்லை. படத்தை இரண்டு பக்கமும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிய ஒரு வடிவத்தில்தான் வரைகிறது. ஆக ஒரு விரலுக்கு அதன் உள்ளே கிடைக்கும் இடம் இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல். பக்கத்து விரலோடு உள்ள இடைவெளிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எந்த ப்ராம்ப்டும் இதைச் சரிசெய்யாது.

அதனால்தான் தொடக்கத்தில் 720 அகலத்துக்கு வெட்டினோம். அந்த வெட்டில் விரல் 28 பிக்சல், அதாவது மூன்றரைக் கட்டம். விரல்கள் பிரிந்து தெரியத் தொடங்கும் இடம் இது. இன்னும் தெளிவு வேண்டும் என்றால் முடிவை ஒன்றரை மடங்கு, 768×1368-க்குப் பெரிதாக்கி, `denoise` 0.35 அளவில் இரண்டாவது சுற்று ஓட்டுங்கள். முதல் சுற்றில் விரல் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இரண்டாவது சுற்று அதைப் பிரித்துத் தராது. ஒட்டிய விரலையே இன்னும் தெளிவாக வரைந்து வைக்கும்.

அளவு போதுமானதாக இருந்தும் குழைந்தால் கோட்டோவியத்தைப் பாருங்கள். கை ஓடும் ஃப்ரேம்களில் விரல் கோடுகள் அறுந்து கிடக்கும். போன் தானாக 1/30 வினாடி ஷட்டர் எடுத்திருக்கும், விரல் கலங்கிப் பதிவாகியிருக்கும். கலங்கிய கையிலிருந்து கோடு எடுக்க முடியாது. இதற்கு மறுபடி படம் எடுப்பதுதான் வழி. கேமராவின் கைமுறைத் தேர்வில் ஷட்டரை 1/100-க்கு வையுங்கள். இந்த எண்ணை ஏன் சொல்கிறேன் என்பது டியூப்லைட் பகுதியில் வரும். கோட்டோவியக் கருவியின் `resolution` 512-இலேயே நின்றுவிடுவதும் வழக்கம். பெரிய அளவில் ஓட்டும்போது அதையும் முடிவின் குறுகிய பக்க அளவுக்கு ஏற்ற வேண்டும்.

நார் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூலத்திலேயே மூன்று பிக்சல் அகலமுள்ள நார் இந்த அளவில் பிழைக்காது, தோன்றித் தோன்றி மறையும். பூக்கள் காற்றில் சேர்வதுபோல் இருக்கும். விரலிடுக்கில் நார் தெரிய வேண்டிய சில ஃப்ரேம்களில் எடிட்டரில் கையாலேயே ஒரு கோடு வரைந்துவிடுவது பத்து நிமிட வேலை. மாடலோடு மல்லுக்கட்டுவதைவிட அது நல்லது. மூக்குக்கண்ணாடியின் மெல்லிய விளிம்புக்கும் இதே கதைதான். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தமிழ் எழுத்து இருந்தால் அது எழுத்துப்போல் தெரியும் கிறுக்கலாக மாறும். படம் எடுக்கும் முன்பே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: பாட்டி இளம்பெண்ணாகிவிட்டார், நிறமும் வெளுத்துவிட்டது

சுருக்கம் மறைந்து, முகவாய் கூர்மையாகி, மாநிறம் வெளுத்து, யாரோ ஒருவர் சரம் கட்டுகிறார். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். விரல் குழைந்தால் எல்லாரும் கவனிக்கிறார்கள். முகம் மாறினால் 'அழகாக வந்திருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். கார்ட்டூன் வகை மாடல்கள் பெரும்பாலும் இளம், வெளிர் முகங்களை வைத்துப் பழக்கப்பட்டவை. இடம் கொடுத்தால் தங்களுக்குத் தெரிந்த முகத்தையே வரையும்.

முதல் திருத்தம் ப்ராம்ப்டில். இந்த மாடலுக்கு ஆங்கிலச் சொற்கள்தான் புரியும். வயதையும் நிறத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள், பாணியைக் கடைசியில் வையுங்கள்:

```
elderly south indian woman, dark brown skin, grey hair, wrinkled face,
maroon cotton saree, stringing jasmine, watercolor painting
```

எதிர்மறை ப்ராம்ப்டில் `young, pale skin` சேருங்கள். `beautiful`, `masterpiece` போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். அவை முகத்தை இளமையாக்கும் பக்கம் இழுக்கின்றன.

அதன் பிறகும் வெளுத்தால் ஐபி அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மேற்கோள் ஓவியத்தில் இருப்பவரின் தோல் நிறம் பாட்டியின் மேல் ஏறியிருக்கலாம். சோதிப்பது எளிது: அதை நிறுத்திவிட்டு அதே பதினாறு ஃப்ரேம்களை ஓட்டுங்கள். மாநிறம் திரும்பினால் அதுதான் காரணம். `weight_type` என்பதை `style transfer` ஆக்கினால் பாணி மட்டும் வரும், உருவம் அவ்வளவாக ஒட்டாது. மேற்கோளையும் மாநிறமானவரை வரைந்த ஓவியமாக மாற்றுங்கள்.

மூன்றாவதாக மாடலையே மாற்றிப் பாருங்கள். அனிமே வகையில் எவ்வளவு திருத்தினாலும் சுருக்கம் தங்குவதில்லை. நிஜ மனிதர்களுக்கான மாடலை எடுத்து, நீர்வண்ணத்தை ப்ராம்ப்ட் மூலமும் மேற்கோள் மூலமும் கொண்டுவருவது வயதானவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. பாணி கொஞ்சம் மென்மையாக வரும். பாட்டி பாட்டியாக இருப்பார்.

## அறிகுறி: வண்ணமெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கிறது

இதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. முதலில் மூலத்தைச் சோதியுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,color_transfer -of default=nw=1 poo.mp4
```

`color_transfer` என்ற இடத்தில் `arib-std-b67` அல்லது `smpte2084` வந்தால் போன் எச்டிஆர் முறையில் எடுத்திருக்கிறது. சாதாரண வீடியோவாக நினைத்துப் படித்தால் வெளிறித்தான் தெரியும். கேமரா அமைப்பில் எச்டிஆரை நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பதே நல்லது. மாற்றும் வடிகட்டிகள் உண்டு, ஆனால் இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுக்கக்கூடிய காட்சிக்கு அந்தச் சிரமம் எதற்கு?

மூலம் சரியாக இருந்தால், படத்தை மாடலின் சுருக்கிய வடிவத்துக்கும் திரும்பப் பிக்சலுக்கும் மாற்றும் விஏஇ கோப்பைப் பாருங்கள். சில மாடல் கோப்புகளில் உள்ளே இருக்கும் விஏஇ சரியாக இருப்பதில்லை. `vae-ft-mse-840000-ema-pruned` கோப்பைத் தனியாக ஏற்றி, `VAE Encode`, `VAE Decode` இரண்டு இடத்திலும் இணையுங்கள். அதுவும் இல்லையென்றால் அனிமேட்டிஃப் நோட்டின் `beta_schedule`. யாரோ பகிர்ந்த பணிப்பாய்வை எடுத்தவர்களுக்கு இதில் வேறு மாடலுக்கான தேர்வு தங்கியிருக்கும். `autoselect` ஆக்கிவிடுங்கள்.

## அறிகுறி: படம் முழுக்க ஒளி கூடிக் குறைகிறது

சுவர் கொதிப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே உருவங்கள் அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் சீராகத் துடிக்கும். மூல வீடியோவை உற்றுப் பார்த்தால் லேசாக அங்கேயும் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மட்டமான எல்இடி விளக்குகளும் அப்படித்தான். ஷட்டர் 1/250 என்றால் ஒரு ஃப்ரேம் அந்தத் துடிப்பின் உச்சியைப் பிடிக்கும், இன்னொன்று பள்ளத்தைப் பிடிக்கும். கண்ணுக்கு லேசாகத் தெரிகிற அந்த வித்தியாசத்தை மாடல் வேறு நேரத்து வெளிச்சமாக எடுத்துக்கொண்டு வேறு வண்ணத்தில் வரைந்துவிடும்.

ஷட்டர் 1/100 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசாக ஒரு துடிப்பைப் பிடிக்கும், எல்லாம் ஒரே வெளிச்சத்தில் பதியும். விரலின் கலக்கமும் 1/30-ஐவிட வெகுவாகக் குறைந்திருக்கும். டியூப்லைட் அடியில் கை வேலையைப் படமெடுக்க இதைவிடப் பொருத்தமான எண் இல்லை. வெயிலில் எடுத்தால் இந்தக் கவலை வேண்டாம், 1/250-க்கே போகலாம். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்றால், 15 ஃப்ரேமாகக் குறைப்பதற்கு முன்பு மூலத்தில் இதை ஓட்டுங்கள்:

```
ffmpeg -i poo.mp4 -vf deflicker=size=10 -crf 12 poo_oli.mp4
```

இது முழு ஃப்ரேமின் வெளிச்சத்தை அக்கம்பக்கத்தோடு சமன்செய்யும். ஃப்ரேமில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக ஓடும் கருமையை இது போக்காது.

## சில்லறைக் கோளாறுகள்

ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் எழுத்து முத்திரை போல ஒரு மங்கல் நிழல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அனிமேட்டிஃபைப் பழக்கப் பயன்படுத்திய வீடியோக்களில் இருந்த வாட்டர்மார்க்கின் மிச்சம் அது. பழைய அசைவு மாடல்களில் அதிகம். `v3_sd15_mm.ckpt` கோப்புக்கு மாறுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

எல்லாப் படியும் முடிந்து கடைசியில் நினைவகம் போதவில்லை என்று நின்றால், வரைவதற்கு இடம் இருந்திருக்கிறது, 180 ஃப்ரேமைப் பிக்சலாக விரிக்கத்தான் இடமில்லை. `VAE Decode (Tiled)` நோட்டைப் போடுங்கள். தொடக்கத்திலேயே நின்றால் அளவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சத்தம் படத்தோடு ஒத்துப்போகாமல் போவதற்குக் காரணம் போன். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றி மாற்றி எடுக்கின்றன. மேலே ஓட்டிய `ffprobe` முடிவில் `r_frame_rate`, `avg_frame_rate` இரண்டும் வேறுபட்டால் உங்கள் வீடியோ அப்படிப்பட்டது. `fps=15` போட்டுத் தயார்செய்த கோப்பைக் கம்ஃபியூஐக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. நேரடியாகப் போன் கோப்பைக் கொடுத்தவர்களுக்குத்தான் வரும். முடிவை எழுதும் நோட்டிலும் `frame_rate` 15 என்று இருக்க வேண்டும். அங்கே வேறு எண் இருந்தால் பன்னிரண்டு வினாடிக் காட்சி சுருங்கியோ நீண்டோ வரும். அதன் பிறகு மூலத்தின் சத்தத்தை அப்படியே எடுத்துச் சேர்த்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி 30 ஆக்குங்கள்:

```
ffmpeg -i oviyam.mp4 -i poo.mp4 -map 0:v -map 1:a -vf fps=30 -c:a copy -shortest mudivu.mp4
```

இந்த இடத்தில் இடைப்பட்ட ஃப்ரேம்களைக் கணினியே உருவாக்கி வழுவழுப்பாக்கும் கருவிகளைச் சேர்க்க ஆசை வரும். பூக்கட்டும் விரல்களில் அது வேண்டாம். ஒரு விரலின் இடத்திலிருந்து இன்னொரு விரலின் இடத்துக்கு வண்ணத்தை இழுத்து, இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த விரல்களை அது திரும்பவும் ஒட்டிவிடும்.